லாபம் 1 கோடி வெள்ளி, கையில் மிஞ்சியது 30 லட்சம்

இங்கே தெலுக் இந்தான் பக்கம் பங்கு வாங்கும் நம்மவர்கள் பலர், முதலில் பார்ப்பது தோட்டக் கம்பெனிகளைத்தான். கண்ணெதிரே செம்பனை நிற்கிறது, குலை ஏற்றிய லோரி மில்லுக்குப் போகிறது, தெரிந்த தொழில் என்ற தைரியம். "இந்த வருஷம் லாபம் கூடியிருக்கு அண்ணே, வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். லாபக் கணக்கோடு நிறுத்தாதீர்கள். ஆண்டறிக்கையில் நாலு பக்கம் தள்ளிப் பணப்புழக்க அறிக்கை இருக்கும். தொழிலில் வந்த ரொக்கத்திலிருந்து மரம், மில், கட்டடத்துக்குப் போன ரொக்கத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ. டிவிடெண்ட் கொடுக்கவும் கடன் அடைக்கவும் கம்பெனிக்கு உண்மையில் இருப்பது அந்தக் காசுதான்.

தோட்டத் தொழிலில் இந்த இரண்டு எண்களும் ஏன் இவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்போம். செம்பனை மரத்துக்குச் சுமார் 25 வருஷம்தான் வருமான ஆயுள். அதனால் ஒழுங்காக நடக்கும் தோட்டம் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய 4 சதவீத நிலத்தில் பழைய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யவேண்டும். நட்டபின் குலை வெட்ட ஏறக்குறைய 3 வருஷம் ஆகும். அதுவரை உரம், களை, கூலி என்று காசு போய்க்கொண்டே இருக்கும்.

இங்குள்ள பல தோட்டக் கம்பெனிகள் 2018-இல் புதிய கணக்கு முறைக்கு மாறின. அதற்கு முன் பல கம்பெனிகள் மறுநடவுச் செலவை அந்தந்த வருஷ லாபத்திலேயே கழித்துவிடும். இப்போது அது சொத்தாகப் பதிவாகி, மரம் காய்க்கத் தொடங்கியபின் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. செலவழித்த காசு அதேதான். லாபம்தான் மாறித் தெரிகிறது.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 5,000 ஹெக்டேர். அறிவித்த லாபம் 1 கோடி வெள்ளி. அதில் கழித்திருந்த தேய்மானம் 30 லட்சம், காசாக வெளியே போகாதது, அதனால் திரும்பக் கூட்டுவோம். மரத்தில் இருக்கும், இன்னும் வெட்டாத குலையின் மதிப்பு விலையேற்றத்தால் 10 லட்சம் கூடியதாக லாபத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது காசு இல்லை, கழிப்போம். வாங்கியவர்கள் தரவேண்டிய பாக்கியும் ஸ்டாக்கும் 20 லட்சம் ஏறியிருக்கிறது, அதையும் கழிப்போம். தொழிலில் வந்த ரொக்கம் 1 கோடி. லாபமும் அதே 1 கோடிதான், நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

இனிமேல்தான் விஷயம். 200 ஹெக்டேர் மறுநடவு, ஹெக்டேருக்கு 20,000 வெள்ளி என்று வைத்தால் 40 லட்சம். மில்லில் கொதிகலன் மாற்றியதும், தொழிலாளர் குடியிருப்பு கட்டியதும் 30 லட்சம். (குடியிருப்பை வீண்செலவு என்று யாரும் நினைக்கவேண்டாம். தொழிலாளர் குடியிருப்புக்கான 446 சட்டப்படி செய்தே ஆகவேண்டியது, செய்யவும் வேண்டியது.) மிஞ்சியது 30 லட்சம். ஆனால் கம்பெனி கொடுத்த டிவிடெண்ட் 50 லட்சம். மீதி 20 லட்சம் கடன். லாபத்தில் பாதியைத்தானே கொடுக்கிறார்கள், பத்திரம்தான் என்று நினைத்து வாங்கியவருக்கு இது தெரியாது.

தேய்மானம்தான் அந்தச் செலவுக்காக இருக்கிறதே என்று கேட்கலாம். அது அந்தக் காலத்து விலையில் போட்டது. 20 வருஷம் முன்பு ஹெக்டேருக்கு 8,000 வெள்ளியில் நட்ட மரத்துக்கு, 25 வருஷத்தில் பிரித்தால் வருஷத்துக்கு 320 வெள்ளிதான் கழிகிறது. அதே நிலத்தில் இன்று நட 20,000 வேண்டும். இந்த இடைவெளி லாபமாகத் தெரிகிறது, ஆனால் அது பங்குதாரர் எடுத்துக்கொள்ளக்கூடிய காசு அல்ல.

குலை மதிப்பையும் சாதாரணமாக நினைக்கவேண்டாம். 2022 மார்ச்சில் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டிய கச்சா செம்பனை எண்ணெய், ஜூலையிலேயே 4,000-க்கும் கீழே வந்தது. கணக்கு முடிக்கும் தேதி எந்த மாசத்தில் விழுகிறது என்பதே அந்த லாபத்தைக் கூட்டும், குறைக்கும்.

அப்புறம், இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஒரு வருஷ எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் நல்ல கம்பெனியையே தள்ளிவிடுவோம். நிறைய மறுநடவு செய்யும் கம்பெனிக்கு இப்போது காசு குறைவாகத்தான் மிஞ்சும், அது நல்ல காரணம். மறுநடவையே நிறுத்திவிட்ட கம்பெனிக்கு ஃப்ரீ கேஷ் ஃப்ளோ பிரமாதமாக இருக்கும். மரம் உயர்ந்து குலை வெட்டச் சிரமமாகி, விளைச்சல் இறங்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதனால் குறைந்தது ஐந்து வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிறேன், ஆண்டறிக்கையில் மர வயது அட்டவணை கொடுத்திருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல் 20 வயதைத் தாண்டிய மரமாக இருந்து, மறுநடவு வருஷத்துக்கு 2 சதவீதம்கூட இல்லையென்றால், ஒழுங்காக நட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்குமோ அதை நானே கழித்துவிட்டுத்தான் அந்தப் பங்கின் விலையைப் பார்ப்பேன்.