குன்னூரில், நவம்பரில், எதிர்பாராத மழையாம்!

வந்துவிட்டது. வீடு கட்டித்தரும் பில்டரிடமிருந்து மூன்றாவது கடிதம். சனிக்கிழமை சாயங்காலம், டீயை ஊற்றி வைத்துவிட்டு உறையைக் கிழித்தேன். "அன்பார்ந்த இல்ல உரிமையாளரே" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். எந்த இல்லம் ஐயா? பூச்சு இல்லாத சுவரும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கட்டுமா?

2025 மார்ச் 31-க்குச் சாவி தருவதாக ஒப்பந்தம். இப்போது "உத்தேசமாக 2026 டிசம்பர், சூழ்நிலைக்கு உட்பட்டு" என்கிறார்கள். காரணம், 2024 நவம்பரில் பெய்த "எதிர்பாராத தொடர் மழை". குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் பெய்யாவிட்டால்தான் இங்கே செய்தி. இங்கே பெட்ஃபோர்டு பகுதியில் ஸ்வெட்டர் விற்கிற அம்மாவுக்குத் தெரிந்தது, மலையில் கட்டடம் கட்ட வந்தவர்களுக்குத் தெரியவில்லையாம்.

அடுத்த பத்தியில் "இயற்கைச் சீற்றம்". ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-வது பிரிவில் போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் முதலிய பேரிடர்களைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வருஷாவருஷம் வரும் மழை அதில் எங்கே இருக்கிறது? கால நீட்டிப்பு வேண்டுமென்றால் ரெரா ஆணையத்திடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதி வாங்குவதல்ல.

மழை நின்ற பிறகும் வேலை ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறீர்களா? 42 லட்ச ரூபாய் வீட்டுக்கு மேல்தளக் கான்கிரீட் போட்ட அன்றைக்கே என்னிடம் 36 லட்சம் வாங்கியாயிற்று. பூச்சு, டைல்ஸ், வயரிங், பெயிண்ட் எல்லாம் பாக்கி, ஆனால் என்னிடமிருந்து வரவேண்டியது வெறும் 6 லட்சம். அந்த 6 லட்சத்துக்காக எவன் ஓடி ஓடி வேலை பார்ப்பான்? தவணைப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட நாளில் எனக்கு இது உறைக்கவில்லை. ஷோ ஃப்ளாட்டில் கொடுத்த காபி அவ்வளவு நன்றாக இருந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். கடைசிப் பக்கத்தில்தான் என் ரத்தம் கொதித்தது. தாமதத்துக்கு ஒப்பந்தப்படி சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் தருவார்களாம். 820 சதுர அடிக்கு 4,100 ரூபாய். நான் இப்போது குடியிருக்கும் வீட்டு வாடகையில் பாதிகூட இல்லை. இதே ஆட்கள்தான், நான் 4 லட்ச ரூபாய்த் தவணையை 9 நாள் தாமதமாகக் கட்டியபோது 18 சதவீத வட்டி போட்டு 1,775 ரூபாய் பிடுங்கினார்கள். பைசா சுத்தமாக, ரசீதோடு! அவர்கள் கேட்கும் வட்டியும் அவர்கள் தரவேண்டிய வட்டியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வீடு வேண்டும் என்று காத்திருப்பவருக்கு, 18-வது பிரிவின்படி, கட்டிய பணத்துக்குச் சாவி தரும்வரை மாதாமாதம் வட்டி உண்டு. தமிழ்நாட்டு விதிப்படி எஸ்பிஐயின் எம்சிஎல்ஆர் என்ற அடிப்படைக் கடன் வட்டியின் அதிகபட்ச விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து. சண்டை வேண்டாம், 10 சதவீதம் என்றே குறைத்து வைத்துக்கொள்வோம். 36 லட்சத்துக்கு மாதம் 30,000 ரூபாய். அவர்கள் சொல்லும் டிசம்பர் வரை 21 மாதத்துக்கு 6 லட்சத்து 30 ஆயிரம். அவர்கள் கணக்கிலோ 86,100.

இப்போது புரிகிறதா, உறைக்குள் இரண்டாவதாக ஒரு தாள் ஏன் மடித்து வைத்திருந்தார்கள் என்று? "திருத்தப்பட்ட ஒப்படைப்புத் தேதிக்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன், மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை." 7 நாளுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மூன்று மாதப் பராமரிப்புக் கட்டணம் இலவசம்! இல்லாத லிஃப்டைப் பராமரிக்கவா? இதில் கையெழுத்துப் போட்டால் மார்ச் 31 என்ற பழைய தேதியை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளைக்கு ரெராவில் வழக்குப் போட்டால் முதலில் நீட்டப்போவது இந்தத் தாளைத்தான்.

அலுவலகத்துக்கு போன் போட்டேன்.

"சார், அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"சும்மான்னா எதுக்குங்க ஏழு நாள் கெடு?"

"எல்லாரும் போட்டுட்டாங்க சார், நீங்க மட்டும்தான் பாக்கி."

வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், அங்கே அத்தனை பேரிடமும் "நீங்க மட்டும்தான் பாக்கி" என்று சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் போட்டுவிட்டார். பராமரிப்பு இலவசம் என்றார்களே, அதான் போட்டேன் தம்பி என்கிறார். அவரிடம் எப்படிக் கோபப்படுவது? சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. பழைய தேதியை விட்டுக்கொடுக்கவில்லை, தாமத வட்டிக்கான என் உரிமை அப்படியே இருக்கிறது என்று நாலு வரி எழுதி, திங்கட்கிழமை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்புகிறேன்.

இத்தனை கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் டீ ஆறிப்போய்விட்டது. சரி, தொட்டுக்கொள்ள வர்க்கியாவது இருக்கிறதே என்று எடுத்தேன். மூடி சரியாகப் போடாத டப்பா, இந்த ஊர் ஈரம், பஞ்சு மாதிரி தொங்குகிறது. அது போகட்டும், வர்க்கி எப்போது இவ்வளவு சின்னதாயிற்று? நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் உள்ளங்கை அளவு இருக்குமே!