பெரியப்பாவின் கால் நகத்தில் இருந்த கோடு

பெரியப்பா கொத்தனார். இடது கால் பெருவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. கேட்டால், "கல்லு விழுந்துச்சுப்பா, ரத்தம் கட்டிக்கிச்சு" என்பார். எல்லோரும் நம்பினோம். கொத்தனார் காலில் கல் விழாமல் வேறு யார் காலில் விழும்?

பாடகர் பாப் மார்லியின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. பெருவிரலில் கால்பந்து விளையாடும்போது பட்ட காயம் என்று நினைத்திருந்தார்கள். 1977-இல் அது நகத்தின் அடியில் வந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. விரலை எடுத்துவிடச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம் 36 வயதில் இறந்தார்.

கறுப்புத் தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். வெயிலால் வரும் மெலனோமாவை நம் தோலின் நிறமி பெருமளவு தடுக்கிறது. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வருவதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. வெள்ளைத் தோலோ கறுப்புத் தோலோ, அந்த வகை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. அரிய நோய்தான். ஆனால் மெலனோமா நமக்கு வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வரும். யாரும் குனிந்து பார்க்காத இடங்கள்.

இதில் டாக்டர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு நகத்தில் பழுப்புக் கோடு இருப்பது சகஜம். வயது ஏற ஏற இரண்டு மூன்று விரல்களில் மெல்லிசாகத் தெரியும், அது ஒன்றும் செய்யாது. அந்தக் கூட்டத்தில் ஆபத்தான கோடும் ஒளிந்துகொள்கிறது. நடுவயதுக்கு மேல் ஒரே ஒரு விரலில் மட்டும் புதிதாக வந்தால், 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், அகலம் கூடிக்கொண்டே போனால், நகக்கண் பக்கம் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கறுப்பு நிறம் நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் பரவியிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, ரத்தக்கட்டு இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நகம் வளரும், ரத்தக்கட்டு அதோடு சேர்ந்து நுனியை நோக்கி நகரும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். அதனால் இரண்டு மூன்று மாதத்தில் நகக்கண் பக்கம் கறையில்லாத நகம் தெரிய ஆரம்பிக்க வேண்டும். மெலனோமாவின் நிறமியோ நகவேரில் உற்பத்தியாவது. நகம் வளர வளர அடியிலிருந்து புதுக் கறுப்பு வந்துகொண்டே இருக்கும், கோடு நகராது. மாதம் ஒரு தடவை செல்போனில் படம் எடுத்துவைத்தாலே போதும். நாங்கள் எடுக்கவில்லை.

பெரியப்பாவுக்கு முதலில் நகச்சொத்தை என்று பூஞ்சை மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் சாப்பிட்டார். பிறகு நக நுனியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், பூஞ்சை இல்லை என்று வந்தது. அப்படியானால் வேறு என்ன என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான். வெட்டிய நுனியை வைத்து மெலனோமா இல்லை என்று சொல்லவே முடியாது. நகத்தைத் தூக்கி, நிறமி பிறக்கும் நகவேரிலிருந்து சதை எடுத்துத்தான் பயாப்ஸி செய்ய வேண்டும்.

அப்புறம் நகம் பிளந்து நீர் வடிந்தது. நகச்சுற்று என்று மஞ்சளும் சுண்ணாம்பும் பூசினார்கள். தொடையிடுக்கில் நெறி கட்டியபோதுகூட, காலில் புண் இருந்தால் நெறி கட்டத்தானே செய்யும் என்றோம்.

உள்ளங்காலிலும் இதே கதைதான். அங்கே கால் ஆணி, மரு, சர்க்கரைப் புண் என்று பெயர் மாறும். எல்லாமே கறுப்பாக இருக்கும் என்றும் இல்லை, சில சமயம் சிவந்த சதையாகவே வரும். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பைத் தோல் டாக்டர் வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல தடயம் கிடைக்கும். நம் உள்ளங்காலில் கைரேகை போலவே மேடும் பள்ளமுமாக வரிகள் உண்டு. சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவில் மேட்டின் மேல் ஓடும். ஐந்து நிமிட வேலை.

கடைசியில் பெரியப்பாவுக்கு விரலை எடுத்தார்கள். நெறியிலும் நோய் இருந்தது. நகத்தோடு நிற்கும்போதே கண்டுபிடித்திருந்தால் அறுவை சிகிச்சையிலேயே முடிந்திருக்கும்.

போன மாதம் பெரியம்மா கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்தார். அண்ணன் கல்யாணத்தில் பாதபூஜைக்குக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் பெரியப்பா. மஞ்சள் தண்ணீரில் நனைந்த இடது பெருவிரலில், பென்சிலால் கிழித்த மாதிரி, கோடு. அவர் காலில் கல் விழுந்தது அந்தக் கல்யாணம் முடிந்து எட்டு மாதம் கழித்து.