மீன் எண்ணெய் கேப்சூலும் 25,871 பேரும்

மீன் எண்ணெய் கேப்சூல் வாங்குபவர்கள் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 மி.கி என்று இருக்கும். அது எண்ணெயின் எடை. நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்புகளான ஈபிஏவும் டிஹெச்ஏவும் சாதாரண கேப்சூலில் 180-ம் 120-ம்தான், ஆக மொத்தம் 300 மி.கி. மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்பு மீன்களில் 100 கிராம் சாப்பிட்டாலே ஒரு கிராமோ அதற்கு மேலோ கிடைத்துவிடும்.

"சரி, நாலு கேப்சூல் போட்டால் கணக்கு சரியாகிவிடுமே?" என்று கேட்பீர்கள். அளவு சரியாகும். இதயம் காப்பாற்றப்படுமா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வு நடந்தது. 50 வயது தாண்டிய ஆண்கள், 55 தாண்டிய பெண்கள் என 25,871 பேர். பாதிப் பேருக்குத் தினம் ஒரு கேப்சூல். கடையில் கிடைக்கும் நீர்த்த சரக்கு அல்ல, ஒன்றிலேயே 840 மி.கி ஈபிஏ, டிஹெச்ஏ இருந்த செறிவூட்டிய மருந்து. மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில், மருந்து இல்லாத போலி கேப்சூல். ஐந்து வருடத்துக்குச் சற்று அதிகமாகக் கண்காணித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள்.

மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 386 பேர், போலி எடுத்தவர்களில் 419 பேர். இவ்வளவு பெரிய கூட்டத்தில் இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஆகவே ஆய்வின் முதன்மைக் கேள்விக்குப் பதில், பலன் நிரூபணமாகவில்லை என்பதுதான்.

ஆனால் விளம்பரங்களில் நீங்கள் பார்ப்பது வேறொரு எண்: "மாரடைப்பு 28 சதவீதம் குறைந்தது". பொய் இல்லை. மாரடைப்பை மட்டும் தனியாக எண்ணினால் மருந்து எடுத்தவர்களில் 145, போலி எடுத்தவர்களில் 200. ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய நாலு மாரடைப்பு குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பக்கவாதம் குறையவில்லை, இதய மரணமும் ஏறக்குறைய அதேதான். பத்துப் பதினைந்து விஷயங்களைத் தனித்தனியாக எண்ணிப் பார்த்தால் ஏதோ ஒன்றிரண்டு தற்செயலாகவே பளிச்சென்று தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு டப்பா விற்பது எனக்கு ஏற்பில்லை. மறு ஆய்வு செய்து பார்க்க வேண்டிய துப்பு என்ற அளவில் மதிக்கிறேன், அவ்வளவுதான். அதே வருடம் பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் ஒரு கிராம் கேப்சூலைச் சோதித்த அசெண்ட் ஆய்விலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

அப்புறம் "அளவு போதாது, நாலு கிராம் கொடுத்தால் தெரியும்" என்றார்கள். ரெட்யூஸ்-இட் ஆய்வில் சுத்திகரித்த ஈபிஏ மட்டும் தினம் நாலு கிராம் கொடுத்தார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எடுத்தும் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகமாக இருந்த, இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு. இதயப் பாதிப்புகள் 22 சதவீதத்திலிருந்து 17.2-க்கு இறங்கின. பெரிய இறக்கம்! ஆனால் போலி கேப்சூலில் கனிம எண்ணெய் இருந்தது, அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருந்தது. ஒப்பிடப்பட்ட தரப்பு சற்றே கெட்டுப்போனதால் மருந்து ஜெயித்த மாதிரி தெரிந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஈபிஏவையும் டிஹெச்ஏவையும் சேர்த்து நாலு கிராம் கொடுத்து, போலிக்குச் சோள எண்ணெய் வைத்த ஸ்ட்ரெங்த் ஆய்வில் 12-க்கு 12.2 சதவீதம், வித்தியாசமே இல்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஆய்விலும் பொதுவாகத் தெரிந்தது ஒன்று: இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மருந்து எடுத்தவர்களிடம் கூடியிருந்தது.

மீன் கட்சிக்காரனாக இருந்தாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. மீனையே வைத்து நடந்த பெரிய சோதனைகள் சொற்பம். 1989-ல் வெளியான ஒன்றில், மாரடைப்பு வந்த ஆண்களிடம் வாரம் இரண்டு முறை கொழுப்பு மீன் சாப்பிடச் சொன்னதில் இரண்டு வருட மரணங்கள் 29 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வாளர்கள் பின்னால் நெஞ்சுவலி உள்ள ஆண்களிடம் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு மீனுக்குத்தான். தட்டில் மீன் வந்தால் அன்றைக்கு வேறு ஏதோ ஒன்று, பெரும்பாலும் கொழுப்பு இறைச்சி, விலகுகிறது. புரதமும் வைட்டமின் டியும் கூடவே வருகின்றன. கேப்சூல் எதையும் விலக்குவதில்லை, ஏற்கெனவே சாப்பிடுவதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

மீனே தொடாதவர்கள்? வைட்டல் ஆய்விலேயே வாரம் ஒன்றரை முறைக்கும் குறைவாக மீன் சாப்பிட்டவர்களிடம் மூன்றும் சேர்ந்த பாதிப்பு 19 சதவீதம் குறைந்தது. மேலே சொன்ன அதே எச்சரிக்கை இதற்கும் உண்டு. ஆனால் இவர்கள் ஒரு கேப்சூல் போட்டால் நான் தடுக்க மாட்டேன். டிரைகிளிசரைடுக்காக மருத்துவர் நாலு கிராம் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். படபடப்பு வந்தால் மட்டும் உடனே அவரிடம் சொல்லுங்கள்.