பெரியம்மாவின் முழங்கால் கணக்கு: கேட்டவருக்கும் கேட்காமல் பேசுகிறவர்களுக்கும்

பெரியம்மாவின் முழங்கால் மூட்டை மாற்றுகிற சத்திரசிகிச்சைக்கு நான் எல்லாரிடமும் காசு சேர்த்தேன். தேவைக்கு மேல் சேர்த்துவிட்டேன் என்று ஒரு அண்ணை ஞாயிற்றுக்கிழமை போட்ட பதிவை விசுவமடுப் பக்கத்து ஆட்கள் எல்லாருமே பார்த்திருப்பீர்கள். அந்த அண்ணை போட்ட கணக்கைத் திரும்ப எழுத வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் ஒரு தடவை எழுதுகிறேன். "வைத்தியசாலைப் பக்கேஜ் ஏழு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மகளின் காப்புறுதி ஐந்து லட்சம். மிச்சம் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் தானே? பிறகு ஏன் ஒன்பது லட்சத்துக்கு மேல் சேர்த்தீர்கள்?" அதற்குக் கீழே முப்பது, நாற்பது பேர் வந்து "நியாயமான கேள்வி" என்று எழுதியிருந்தார்கள். அதில் சில பேர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர்கூட எனக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்கவில்லை.

சரி, கணக்கையே பேசுவோம்.

வைத்தியசாலை விளம்பரத்தில் போடும் தொகை சத்திரசிகிச்சையின் விலை. முழங்காலின் விலை அது இல்லை. இதைத்தான் காசு சேர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஏழு தொண்ணூறுக்குள் சத்திரசிகிச்சைக் கூடம், சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து வைத்தியர், சாதாரண மூட்டு ஒன்று, நான்கு இரவு அறை, இவ்வளவும் அடங்கும். அதற்கு முன்னால் வருகிற பரிசோதனைகள் அதில் இல்லை. அதற்குப் பின்னால் வருகிற மூன்று மாதமும் இல்லை. கால் மடங்குவதா இல்லையா என்பது அந்த மூன்று மாதத்தில்தான் தீர்மானமாகிறது. அதற்கு இந்தப் பக்கேஜும் காசு கட்டவில்லை, பெரியம்மாவின் மகளுடைய காப்புறுதியும் கட்டவில்லை.

முதலில் மூட்டைப் பற்றி, ஏனென்றால் எல்லாரும் அதில்தான் வாதாடினார்கள். "கோல்ட் மூட்டுப் போடுங்கோ, முப்பது வருசம் இருக்கும், மேலதிகக் காசை நாங்கள் அனுப்புறம்" என்று சுவிஸில் இருந்து ஒரு மாமா சொன்னார். அவருடைய மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொன்நிறம் பெரும்பாலும் டைட்டேனியம் நைட்ரைட் பூச்சு. நிக்கல் போன்ற உலோகம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது பயன்படும். பெரியம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை. மூட்டில் தேய்கிற பகுதி, இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கிற பொலித்தீன் தட்டுத்தான். கூடுதல் காசு கொடுப்பதென்றால் அந்தத் தட்டின் தரத்தைக் கேட்க வேண்டும், மேலே பூசிய நிறத்தை இல்லை. சாதாரண கோபால்ட் குரோம் உலோக மூட்டுகளே போதிய காலம் உழைக்கின்றன. பல வருடப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, முழு மூட்டு மாற்றியவர்களில் சுமார் 82 வீதமானோருக்கு அது 25 வருடம் நின்றிருப்பதாகச் சொல்கிறது. பெரியம்மாவுக்கு வயது 68.

"ஹை ஃபிளெக்ஸ்" என்று, காலைக் கூடுதலாக மடக்கலாம் என்று சொல்லி விற்கிற இன்னொரு மூட்டும் வந்தது. நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கலாமாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அதற்கு முன்னால் அது எவ்வளவு மடங்கியது என்பதுதான். பெரியம்மாவின் கால் பல வருடமாகத் தொண்ணூறு பாகைகூட மடங்கவில்லை. எந்த மூட்டைப் போட்டாலும் அவ நிலத்தில் குந்தப் போவதில்லை. ஆகவே சாதாரண மூட்டையே எடுத்தோம்.

இனி, அந்தக் கணக்கைப் போட்டவர் கேட்காத விசயத்துக்கு வருகிறேன். 2009இல் போர் நேரத்தில் பெரியம்மாவின் முழங்காலுக்குக் கீழே செல் துண்டு பட்டது. எலும்பு உடைந்து, யாரும் ஒழுங்காகப் பொருத்தாமல், தானாகவே கூடியது. அதனால் கீழ் எலும்பின் உட்பக்கம் அமிழ்ந்து போயிருந்தது. முழுக்காலுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நிபுணர் சொன்னார், சாதாரணத் தட்டை அதன்மேல் வைத்தால் சரிந்துவிடும், குறைந்த இடத்துக்கு ஒரு உலோகக் கட்டையும், எலும்புக்குள் இறங்குகிற ஒரு தண்டும் வேண்டும் என்று. அந்த இரண்டுக்கும் தனி விலை. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். விளம்பரத்தில் இருக்கிற பக்கேஜ் காயப்படாத காலுக்கானது. எங்கள் பக்கத்தில் காயப்படாத கால் எத்தனை இருக்கிறது?

பழைய காயம் என்றால் இன்னொரு பயமும் உண்டு. அந்தக் காலத்துக் கிருமி எலும்புக்குள் பதுங்கியிருந்தால் புது மூட்டில் போய் ஏறும். ஏறினால் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சீமெந்து வைத்து, கிழமைக் கணக்கில் காத்திருந்து, திரும்பவும் புது மூட்டுப் போட வேண்டி வரலாம். அதனால்தான் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டையும் இரத்தத்தில் பார்த்தார்கள், மூட்டுக்குள் இருந்த நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதித்தார்கள். வன்னியில் முழங்காலுக்குக் கிட்டப் பழைய காயம் இருக்கிற யாராவது மதிப்பீடு எடுக்கப் போனால், காயத்தை முதலாம் நாளே காட்டுங்கள். "இது பக்கேஜுக்குள் வருமா, தண்டும் கட்டையும் தேவைப்பட்டால் எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

"ஏன் தனி அறை?" என்று கேட்டவர்களுக்கு. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதனால் ஒழுங்காகவே பதில் சொல்கிறேன். இருவர் தங்கும் அறையோடு அதே பக்கேஜ் ஏழு லட்சத்து இருபதாயிரம். அறை வாடகையில் வித்தியாசம் நாளுக்கு ஒன்பதாயிரம். நான்கு நாளுக்கு முப்பத்தாறாயிரம்தான், ஆனால் பக்கேஜில் எழுபதாயிரம் கூடுகிறது. அறையின் தரம் ஏற வைத்தியர் வந்து பார்க்கிற கட்டணமும் சேர்ந்து ஏறுவதுதான் காரணம். இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் வரும். துணை தேவைப்படாத ஒருவருக்கு இருவர் அறை தாராளமாகப் போதும். ஆனால் அந்த அறையில் இரவில் ஒருவர் துணைக்கு நிற்க முடியாது. பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம், இரவில் சீனி இறங்கும். கொழும்பில் இரவு நேரத் தாதிமாரோடு பேச அவவுக்குச் சிங்களம் தெரியாது. உங்கள் அம்மாவை அப்படி விட்டுவிட்டு வருவீர்களா? சீனி கட்டுப்பட இன்னும் இரண்டு இரவு கூடவே நிற்க வேண்டி வந்தது, அதுவும் பக்கேஜுக்கு வெளியே.

காப்புறுதி. ஐந்து லட்சம் என்று அட்டையில் இருக்கிறது, உண்மைதான். அது மேல் எல்லை. அதற்குள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை இருக்கிறது. மூட்டுக்கு ஒன்றரை லட்சம்தான், எங்களுடைய மூட்டும் தண்டும் கட்டையும் சேர்த்து ஐந்தரை லட்சம் வந்த போதும். அறைக்கு நாளுக்குப் பத்தாயிரம், எடுத்த அறை பதினெட்டாயிரம். ஆறு இரவுக்கு அறுபதாயிரம் கிடைத்தது. சத்திரசிகிச்சைச் செலவுக்கு இரண்டு லட்சம். கூட்டிப் பாருங்கள், நான்கு லட்சத்துப் பத்தாயிரம். மிச்சத் தொண்ணூறாயிரத்தை எடுக்க வழியே இல்லை. வோக்கருக்கும் கொமோட் கதிரைக்கும் ஒரு சதமும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு காலை மடக்கி நீட்டிச் செய்கிற பிசியோப் பயிற்சிக்கும் இல்லை. அந்த அண்ணை அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்து என்னைக் கள்ளன் ஆக்கினார். பத்திரத்தின் அட்டவணையைப் பார்த்திருந்தால் இந்த வார்த்தை வந்திருக்காது.

"இந்தியாவுக்குப் போயிருக்கலாமே" என்றும் வந்தது. மூட்டின் விலை அங்கே குறைவுதான். 2017இல் அரசாங்கம் உச்ச விலை போட்டது, கோபால்ட் குரோம் மூட்டுக்கு அப்போது 54,720 இந்திய ரூபா, வரி வேறு. ஆனால் விலைக்கட்டுப்பாடு மூட்டுக்குத்தான், அறைக்கும் வைத்தியருக்கும் இல்லை. இரண்டு பேர் தங்கி, தையல் பிரித்து வரும் வரைக்கும் செலவு. ஐந்தாம் கிழமை கால் வீங்கினால் சென்னைக்கு ஓடுவதா? "அரச வைத்தியசாலை இலவசம்" என்பவர்களுக்கு, பெரியம்மா அங்கே காத்திருப்போர் பட்டியலில்தான் இருந்தா. காத்திருந்து காத்திருந்து கட்டிலோடு ஆகிற நிலை வந்தது. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அடுத்து இதற்குப் போகிறவர்கள் சத்திரசிகிச்சைக்கு முன்னரே போய் விசாரியுங்கள்.

அப்புறம் பிசியோ. எனக்கு மனம் நொந்தது இந்த இடத்தில்தான். "பிசியோவுக்குத் தொண்ணூறாயிரமா? வீட்டில் நடந்தால் போதாதா?" நடந்தால் போதாது. புது மூட்டைச் சுற்றி உடம்பு தழும்பு கட்டும். முதல் ஆறு கிழமைக்குள் காலை மடக்கியும் முழுதாக நீட்டியும் விடாவிட்டால் அது அப்படியே இறுகிவிடும். தொண்ணூறு பாகை மடங்காவிட்டால் கதிரையிலிருந்து எழும்புவதே பாடு. இறுகிப் போனால் மயக்க மருந்து கொடுத்து வைத்தியர் கையால் மடக்கி விட வேண்டும். அதையும் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். அதற்குத் திரும்பக் கொழும்பு, திரும்ப மயக்க மருந்து, திரும்ப ஒரு பில். எங்கள் ஊரில் ஒரு அக்காவுக்கு ஏழு எட்டு லட்சம் செலவழித்து மூட்டுப் போட்டார்கள். பிசியோவுக்குக் காசு மிஞ்சவில்லை. இன்றைக்கும் காலை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறா. அவவுடைய மூட்டில் ஒரு பிழையும் இல்லை.

கிளிநொச்சியில் அரச பிசியோ இலவசம். ஆனால் தையலோடு இருக்கிற 68 வயது மனுசியை வாரத்துக்கு மூன்று தடவை ஏற்றி இறக்க ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு, வீட்டுக்கு வருகிறவருக்குக் கொடுக்கிற மூவாயிரத்துக்குக் கிட்ட வந்துவிடும். ஆகவே வாரம் மூன்று தடவை, பத்து வாரம்.

இப்போது கூட்டுங்கள். பக்கேஜ் ஏழு தொண்ணூறு. தண்டும் கட்டையும் இரண்டு பத்து. பிசியோ தொண்ணூறாயிரம். பரிசோதனை, மேலதிக இரண்டு இரவு, மருந்தும் இரத்தம் கட்டாமல் போடுகிற ஊசியும், வோக்கர், கொமோட், கழிப்பறைக்குப் பிடிகம்பி, கொழும்புக்குப் போய் வர வான், எல்லாம் சேர்த்து இரண்டு முப்பது. மொத்தம் பதின்மூன்று லட்சத்து இருபதாயிரம். காப்புறுதி தந்த நான்கு பத்தைக் கழித்தால் கையால் கட்டுவது ஒன்பது லட்சத்துப் பத்தாயிரம். இதில் எந்த வரியைத் தவறு என்கிறீர்கள்? "முதலே சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள். முதலே சொன்னேன். இந்த எண்கள் அத்தனையும் சத்திரசிகிச்சைக்கு முன் எழுதிக் குழுவில் போட்டேன். நீலக் குறி விழுந்தது. பார்த்தீர்கள், வாசிக்கவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ஆம், கோபம்தான். தேங்காய் விற்றுப் பிழைக்கிற ஒருவர் பெரியம்மாவின் காலுக்கென்று ஐயாயிரம் தந்தார். அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு அவர் வந்து, "தம்பி, உண்மையா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அதற்கு யார் பதில் சொல்வது?

பில் எல்லாம் என்னிடம் இருக்கிறது, யார் வந்தாலும் காட்டுவேன். பெரியம்மாவின் கால் இப்போது தொண்ணூற்றைந்து வரை மடங்குகிறது. பிசியோவுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது, கையில் மிச்சம் இருக்கிற காசு அதற்கானது. அதைத் திருப்பிக் கேட்டு எனக்கு யாரும் எழுத வேண்டாம். தர மாட்டேன்.