சாப்பிடாத நாளுக்கு எவ்வளவு திருப்பித் தருவது?

நங்கநல்லூரில் என் அக்கா வீட்டிலேயே சமைத்து, நாற்பது வீடுகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறாள். கணக்கு எழுதுவது என் பொறுப்பு. போன வருடம் மார்கழியில் கணக்கைக் கூட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாடிக்கையாளரும் குறையவில்லை, சாப்பாட்டில் யாருக்கும் குறையில்லை, ஆனாலும் அவள் கைக்கு வர வேண்டிய 20,000 ரூபாயில் 12,000தான் வந்திருந்தது.

ஞாயிறு நீங்கலாக 26 சாப்பாடு, ஒன்று 110 ரூபாய், மாதம் 2,860. அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு 60 ரூபாய் ஆகிறது. உதவிக்கு வரும் அம்மாவின் சம்பளம், கேரியர் கொண்டுபோகும் தம்பியின் சம்பளமும் பெட்ரோலும் சேர்ந்து மாதம் 30,000. அக்காவின் உழைப்புக்கு 20,000. இந்த ஐம்பதாயிரத்தை நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,250. சாப்பாட்டுச் செலவு 1,560ஐக் கூட்டினால் 2,810. விலை சரியாகத்தான் இருந்தது.

ஓட்டை லீவு நாளில் இருந்தது. மார்கழியில் சபா கச்சேரிக்குப் போகிறவர்கள் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுவார்கள். மகள் வீட்டுக்கு, திருவண்ணாமலைக்கு, கல்யாணத்துக்கு என்று வீட்டுக்குச் சராசரியாக ஐந்து நாள் கழிந்தது. நாளுக்கு 110 வீதம் 550 ரூபாயைத் திருப்பித் தந்தோம். அந்த ஐந்து நாளில் அக்காவுக்கு மிச்சமானதோ 300 ரூபாய். ஒரு வீடு லீவு சொன்னது என்பதற்காக உதவிக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம் குறையாது. கேரியர் தம்பி அடுத்த வீட்டுக்காக அதே தெருவுக்குப் போகத்தான் வேண்டும். வீட்டுக்கு 250 ரூபாய் இப்படிப் போயிற்று.

“சாப்பிடாத சாப்பாட்டுக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?” என்று மூன்றாம் தெரு மாமா கேட்டார். நியாயமான கேள்வி, அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மாதத் திட்டத்தில் அவர் வாங்குவது சாப்பாட்டை மட்டுமல்ல. அவருக்கென்று அடுப்பில் ஓர் இடம், கேரியர் வரிசையில் ஓர் இடம் மாதம் முழுவதும் காத்திருக்கிறது. அதற்கான விலையும் அந்த 110க்குள் இருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டாமல் நாள் கணக்கில் விலை சொன்னது எங்கள் தவறு.

“லீவுக்குக் காசு கிடையாது” என்று அடித்துச் சொல்லிவிடும்படி பலர் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. சமைக்காத சாப்பாட்டின் 60 ரூபாய் அக்காவுடைய பணம் அல்ல, அதை அவள் வைத்துக்கொள்ளக் கூடாது.

தை மாதம் திட்டத்தை மாற்றினோம். 22 சாப்பாடு, 2,600 ரூபாய். மாதத்துக்குள் எந்த நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு சாப்பாடு 65. இருபத்தாறும் சாப்பிடுகிறவருக்குப் பழைய 2,860தான் ஆகும், ஒரு ரூபாய் கூடுதலில்லை. நான்கு நாள் எடுக்காதவருக்கு நாளுக்கு 65 குறைகிறது, அது உண்மையில் எங்களுக்கு மிச்சமாகும் 60ஐ ஒட்டிய தொகை. மீந்துபோனால் இரண்டு சாப்பாட்டை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் அனுமதித்தால், சேர்த்துவைத்த சாப்பாடுகளெல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும்.

வேண்டாம் என்பதை முந்தின இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். காய் நறுக்குவது இரவிலேயே தொடங்கிவிடுகிறது. காலை ஒன்பது மணிக்குச் சொன்னால் அந்த 60 ரூபாய் ஏற்கெனவே குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

மழையில் தெருவில் தண்ணீர் நின்று எங்களால் அனுப்ப முடியாத நாளுக்கும், அக்காவுக்கு உடம்பு முடியாத நாளுக்கும் வேறு கணக்கு. அன்று தவறியது நாங்கள். 2,600ஐ 22ஆல் வகுத்தால் வரும் முழுச் சாப்பாட்டு விலையான 118 ரூபாயையும் திருப்பித் தருகிறோம். இதை எழுதி எல்லோருக்கும் அனுப்பிய பிறகுதான் மாமாவின் குரல் தணிந்தது.

மூன்று வீடுகள் விலகிக்கொண்டன. மாதம் பத்து நாள் ஊரில் இல்லாதவர்கள் அவர்கள், இந்தத் திட்டம் அவர்களுக்கு உண்மையிலேயே பொருந்தாது. மீதி 37 வீட்டில், வீட்டுக்கு 22 சாப்பாடு அனுப்பிய மாசியில், செலவெல்லாம் போக அக்கா கையில் 17,000 ரூபாய்க்குச் சற்று மேல் நின்றது. இருபதாயிரத்தை ஏறக்குறையத் தொட இன்னும் இரண்டு வீடு வேண்டும், அந்த இரண்டையும் ஏற்கெனவே கேரியர் போகும் தெருக்களிலேயே தேடுகிறோம்.

எனக்கு இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. தனியாக வாழும் ஒரு பாட்டி திடீரென்று மருத்துவமனையில் பதினைந்து நாள் இருக்க நேர்ந்தது. எட்டு மணிக்குள் சொல்ல அவரால் எப்படி முடியும்? அவருடைய மாதத்தை அப்படியே நிறுத்திவைத்து, வீடு திரும்பிய நாளிலிருந்து மீதியை எண்ணினாள் அக்கா. அந்த இடத்தின் செலவு அவள் சம்பளத்திலிருந்துதான் போனது, கணக்கில் அப்படியே எழுதியிருக்கிறேன்.