90–10 முதலீடு: பணம் எங்கே கசிகிறது

"90 விழுக்காட்டைப் பிக்ஸ் டெபாசிட்டில் போடுங்கள், 10 விழுக்காட்டை ரிஸ்க்கில் விடுங்கள். என்ன ஆனாலும் பத்துக்கு மேல் போகாது." (சுங்கை சிப்புட் புலனக் குழுக்களில் சுற்றும் செய்தி)

ஒரு சுற்றுக்கு மட்டும்தான் இது சரி. தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஒருவரிடம் 50,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைப்போம். 45,000க்கு 3 விழுக்காடு வட்டி 1,350. ரிஸ்க்கில் விட்ட 5,000 முழுதும் போனால் மிச்சம் 46,350. அடுத்த ஆண்டும் அதில் பத்து விழுக்காட்டை எடுத்து ரிஸ்க்கில் விடுவார். இப்படி ஐந்தாண்டும் தோற்றால் கையில் சுமார் 34,200தான். விமர்சகர்கள் சொல்லும் முக்கியக் குறையும் இதுதான்: அரிதான பெரிய லாபம் வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். சம்பளம் நின்றவருக்கு அது கடினம்.

அப்புறம், இந்த முறையைப் பரப்பிய, சந்தை வணிகராக இருந்து எழுத்தாளரான நசீம் தாலேப் சொன்ன ரிஸ்க்கில் இழப்புக்கு எல்லை உண்டு, லாபத்துக்கு இல்லை. 'மாதம் 5 விழுக்காடு நிச்சயம்' என்னும் திட்டத்தில் லாபத்துக்குத்தான் எல்லை, முதலோ மொத்தமும் போகலாம். அதில் அந்தப் பத்தையும் போடாதீர்கள்.