தமிழ் தெரியாத ரிமோட்

எங்கள் டிவி ரிமோட்டின் மைக் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு "பழைய பாட்டு" என்றேன். திரையில் வந்தது "Pally a part two". நான்காவது தடவையும் அதேதான். மெனு முழுக்கத் தமிழில்தானே இருக்கிறது? அப்புறம் ஏன்?

மெனு மொழி வேறாம், குரல் மொழி வேறாம். ரிமோட் குரலைப் பிடித்து அனுப்புவதோடு சரி. அதை எந்த மொழியாகக் கேட்பது என்பது, முதல் நாள் டிவியில் தேர்ந்தெடுத்த நாட்டைப் பொறுத்தது. அந்த நாட்டுக்கான குரல் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. நாட்டை மாற்றினால் டிவியை முதலிலிருந்து அமைக்க வேண்டும், செயலிகளில் சிலது காணாமல் போகும். நான் வாழும் நாட்டுக்கும் என் வாயில் வரும் மொழிக்கும் என்னய்யா முடிச்சு? அம்மா இந்த ரிமோட்டைத் தொடுவதையே விட்டுவிட்டார்.